துவைப்பது சுலபம், காய்வதுதான் கேள்வி: சின்னப் பையோடு நீண்ட பயணம்

பெட்டியைச் சின்னதாக்க வழி கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: நாலு துணி எடுத்துக்கொள், போகிற இடத்தில் துவைத்துக்கொள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துவைத்த துணி எப்போது காயும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒரு சட்டையை வாஷ்பேசினில் துவைத்து அலச இருபது நிமிடம் போதும். அது காலைக்குள் காயுமா, மறுநாள் சாயங்காலம் வரை சொதசொதவென்று தொங்குமா என்பதை வைத்துத்தான் எத்தனை துணி எடுத்துப்போவது என்றே முடிவு செய்ய முடியும். தனியாக, தோளில் ஒரே ஒரு பையோடு சில வாரங்கள் ஊர் ஊராகச் சுற்றியபோது இது எனக்குப் பணமும் நேரமும் செலவழிந்துதான் தெரிந்தது. கிளம்பும் முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று பலமுறை தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

பையில் இருந்தவை சாதாரணத் துணிகள். சில பருத்தி டி-ஷர்ட், ஒரு ஜீன்ஸ், தொளதொளவென்று ஒரு ரேயான் பேண்ட், பருத்தி உள்ளாடைகள், தடித்த சாக்ஸ். முதலில் தங்கிய ஊர் நல்ல வெயிலும் வறண்ட காற்றும் உள்ள இடம். பால்கனியில் கொடி இருந்தது. இரவு துவைத்துப் போட்டது காலையில் மொறமொறவென்று இருந்தது, ஜீன்ஸ்கூட மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. இவ்வளவுதானா விஷயம், இதற்காகவா ஊரே பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு திரிகிறது என்று நினைத்தேன். அடுத்து போனது கடலோர ஊர், விடாத தூறல். அறை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. வழக்கம்போல இரவு துவைத்து, குளியலறைக் கம்பியில் வரிசையாகப் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் தொட்டுப் பார்த்தால் போட்டபடியே ஈரம். மறுநாள் காலையிலும் டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டி, அக்குள் தையல், ஜீன்ஸின் இடுப்பும் பாக்கெட்டும் ஈரமாகவே இருந்தன. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன்.

அன்றைய பயணம் பகல் முழுவதும். சாயங்காலம் அடுத்த ஊரில் கவரைத் திறந்தபோது வந்த வாடையை மறக்க முடியாது. வியர்வை நாற்றம் வேறு, இது வேறு. புளித்த, மக்கிய, ஈரத் துடைப்பான் மாதிரியான வாடை. உடனே இரண்டாம் முறை துவைத்தேன். காய்ந்தபோது வாடை போய்விட்ட மாதிரிதான் இருந்தது. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்து உடம்பு வேர்த்ததும் திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் யாராவது உட்கார்ந்தாலே கூச்சமாக இருந்தது. சாப்பிடும் இடத்தில் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன், யாரோடும் பேச்சுக் கொடுக்கவில்லை. தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கு வழியில் கிடைக்கும் பேச்சுத்துணைதான் பெரிய சந்தோஷம். அதைச் சில நாட்களுக்கு இந்தத் துணி பறித்துக்கொண்டது.

அந்த வாடை ஏன் வருகிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் தோலிலிருந்து துணிக்கு வரும் மொராக்செல்லா என்ற பாக்டீரியா, ஈரம் நீடிக்கும்போது பெருகி, துணியில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையைத் தின்று நாற்றமுள்ள ஓர் அமிலத்தை வெளியிடுகிறது. 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பயணிக்கு இதில் முக்கியமானது இன்னொரு சங்கதி: துணி காய்ந்தாலும் இந்தக் கிருமி எளிதில் சாவதில்லை. நூலுக்குள் ஒட்டிக்கொண்டு இருந்து, மறுபடி ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. வெறும் குளிர்ந்த நீரில் எத்தனை தடவை அலசினாலும் வாடை திரும்புவது இதனால்தான். சூடு வேண்டும். சுமார் 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்துத் துவைத்தால் வாடை அநேகமாகப் போய்விடும். குழாயில் வரும் வெந்நீர் அவ்வளவு சூடாக இருப்பது அபூர்வம். அறையில் கெட்டில் இருந்தால் கொதித்த நீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். பேசினில் முதலில் குளிர்ந்த நீரை விட்டு அதன்மேல் கொதிநீரை ஊற்றுங்கள், வெறும் பீங்கானில் கொதிநீர் பட்டால் விரிசல் விடலாம். துணியைக் கெட்டிலுக்குள் போடாதீர்கள். போடுகிறவர்கள் இருக்கிறார்களாம், அந்த ஊகத்திலேயே நான் ஹோட்டல் கெட்டிலில் டீ போடுவதை நிறுத்திவிட்டேன். இந்த வெந்நீர் வைத்தியம் வெள்ளை அல்லது சாயம் போகாத பருத்திக்கு மட்டும்தான். கம்பளிக்கும், இழுபடும் எலாஸ்டிக் துணிக்கும் வேண்டாம்.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. வெறுத்துப்போய், தங்கியிருந்த இடத்தின் லாண்டரியிலேயே மொத்தத்தையும் போட்டுவிட்டேன். ஒவ்வொரு துணிக்கும் தனி விலை. சாக்ஸும் உள்ளாடையும்கூடத் தனித்தனிக் கணக்கு. அன்று மாலையே வேண்டும் என்று கேட்டதால் அவசரக் கட்டணமும் சேர்ந்தது. பில் வந்தபோது அது அந்த அறையின் ஒரு நாள் வாடகையைத் தாண்டியிருந்தது. அந்தப் பணத்துக்கு இரண்டு புது டி-ஷர்ட் வாங்கியிருக்கலாம். அதுவும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ரிசப்ஷனில் கேட்டால், துணி வெளியே வேறு இடத்துக்குத் துவைக்கப் போகிறது, வண்டி மதியம்தான் வரும் என்றார்கள். துணியை விட்டுவிட்டுப் போனால் போட்டிருக்கும் ஒரு செட்டைத் தவிர வேறில்லை. டிக்கெட் வீண், அரை நாள் ரிசப்ஷன் சோபாவில் போயிற்று. கடைசியில் வந்த மூட்டையில் டி-ஷர்ட் ஒன்று நீளத்தில் சுருங்கியிருந்தது, டிரையரில் அதிகச் சூட்டில் போட்டிருக்கிறார்கள். கேட்டபோது நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். அதன் அடியில் பொடி எழுத்தில், சுருக்கத்துக்குப் பொறுப்பில்லை, தொலைந்தால் சலவைக் கட்டணத்தின் சில மடங்கு வரைதான் ஈடு என்று இருந்தது. இப்படி ஒரு வரம்பு பெரும்பாலான ஹோட்டல் லாண்டரிப் படிவங்களில் இருக்கிறது. ஆகவே விலையுயர்ந்த துணியையோ, பிடித்த துணியையோ அந்தப் பையில் போடவே கூடாது.

அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்ததில் ஒரு விஷயம் மட்டும் தெளிவாயிற்று. துவைப்பதை எவ்வளவு யோசித்தாலும் பிரயோஜனமில்லை, துணியையே மாற்ற வேண்டும். பருத்தி நூல் தண்ணீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சி ஊதிக்கொள்கிறது. கையால் எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் கிட்டத்தட்டத் தன் எடை அளவுக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டுதான் கொடிக்குப் போகும். பாலியஸ்டர் நூல் தண்ணீரை உள்ளே விடுவதே இல்லை, இழைகளுக்கு நடுவில் உள்ள சந்துகளில்தான் ஈரம் நிற்கும். பிழிந்தால் வந்துவிடும். நைலான் இதற்குக் கொஞ்சம் பின்னால். ரேயான்தான் பெரிய ஏமாற்று. கையில் மெல்லிசாக, குளுகுளுவென்று இருக்கும், சீக்கிரம் காயும் என்று தோன்றும். நனைந்ததும் கனத்துத் தொங்கும், காயப் பருத்தியை விடவும் அதிக நேரம் எடுக்கும், ஈரத்தில் அதன் நூல் பலவீனமாகிவிடுவதால் முறுக்கிப் பிழிந்தால் உருவம் போய்விடும். என் ரேயான் பேண்ட் அப்படித்தான் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

அந்த ஊரில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் மெல்லிய பாலியஸ்டர் டி-ஷர்ட் இரண்டும், நைலான் பேண்ட் ஒன்றும், சில செயற்கை இழை உள்ளாடைகளும் வாங்கினேன். துணி ‘சீக்கிரம் காயும்’ என்று அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அதே பாலியஸ்டரே தடிமனாக இருந்தால் விடிகிற வரை ஈரமாகத்தான் இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், உங்கள் விரல்களின் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக இருந்தால் நல்லது. பிறகு மடிப்பு எங்கெங்கே இரட்டையாக இருக்கிறது என்று பாருங்கள். இடுப்புப் பட்டி, பாக்கெட்டின் உள்துணி, காலர், தலைமூடி, பஞ்சு வைத்த உள்ளாடை, இவைதான் கடைசியில் காய்பவை. ஒரு பேண்டின் மற்ற இடமெல்லாம் மூன்று மணி நேரத்தில் காய்ந்தாலும், பாக்கெட் உள்துணி பருத்தியாக இருந்தால் காலையில் அங்கே மட்டும் ஈரம் நிற்கும். கடையில் பாக்கெட்டுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது, விற்பவர் ஒரு மாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை.

இன்னும் நல்ல வழி, கிளம்பும் முன் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது. எடுத்துப்போக நினைக்கும் ஒவ்வொரு துணியையும் இரவு பத்து மணிக்கு நனைத்து, பிழிந்து, ஜன்னல் மூடிய அறைக்குள் தொங்கவிடுங்கள். காலை ஆறு மணிக்குத் தையலைத் தொட்டுப் பாருங்கள். அதில் தேறாத துணியைத் தினம் துவைக்கும் கணக்கில் சேர்க்கக் கூடாது. வெயிலில் மாடியில் போட்டுச் சோதிப்பதில் அர்த்தமில்லை, பயணத்தில் அப்படி ஒரு மாடி கிடைப்பது அதிர்ஷ்டம்.

பாலியஸ்டருக்கும் ஒரு குறை உண்டு. தண்ணீரை உறிஞ்சாத அந்த நூல் உடம்பின் எண்ணெயை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் வியர்வை வாடை பருத்தியை விடச் சீக்கிரம் ஏறும், ஒரு நாள் போட்டால் அன்றே துவைத்தாக வேண்டும். மெரினோ கம்பளிச் சட்டை இதற்கு நேர் எதிர்: வாடை பிடிக்காது, சில நாள் துவைக்காமலே போடலாம், ஆனால் துவைத்தால் நிதானமாகத்தான் காயும், விலையும் அதிகம். ஒரு இடத்தில் இரண்டு மூன்று இரவு தங்குகிற பயணம் என்றால் மெரினோ பரவாயில்லை. தினம் ஊர் மாறுகிறவர்களுக்கு மெல்லிய பாலியஸ்டர்தான் சரி என்பது என் கட்சி.

துணி மாறிய பிறகு என் இரவு வேலையும் மாறியது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் விதி, சேர்த்துவைக்காமல் அன்றன்று போட்டதை அன்றே துவைப்பது: ஒரு சட்டை, உள்ளாடை, சாக்ஸ், அவ்வளவுதான். பேண்டைத் தினம் துவைப்பதில்லை. பேசினின் அடைப்பான் பாதி இடங்களில் தண்ணீரைப் பிடிக்காது, அல்லது இருக்கவே இருக்காது. உள்ளங்கை அகலத்தில் தட்டையான ரப்பர் வட்டம் ஒன்று பயணச் சாமான் கடைகளில் கிடைக்கும், எந்த ஓட்டையின் மேல் வைத்தாலும் தண்ணீரின் கனமே அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் பையில் துணி, தண்ணீர், சோப்பு மூன்றையும் போட்டு மூடிக் குலுக்கலாம். பேசின் அழுக்காக இருந்தால் அதுவே மேல்.

வெதுவெதுப்பான நீர் பேசினில் பாதி, அதில் திரவச் சோப்பு ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் வேண்டாம். நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று கை தாராளமாகச் சாய்க்கும், அங்கேதான் வேலை இரட்டிப்பாகும். அதிகச் சோப்பு அலசலில் முழுதாகப் போகாது. துணி காய்ந்தபின் விறைப்பாக இருக்கும், கழுத்தில் அரிக்கும், ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பசையில் வாடையும் சீக்கிரம் ஏறும். முதலில் சட்டை, அப்புறம் உள்ளாடை, கடைசியில் சாக்ஸ், இந்த வரிசையில் கசக்கினால் ஒரே தண்ணீர் போதும். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள், அழுக்கு உடம்பைத் தொடும் பக்கத்தில்தான் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஊறட்டும், அந்த நேரத்தில் நீங்கள் குளித்துவிடலாம். பிறகு அக்குள், கழுத்து, சாக்ஸின் பாதம் ஆகிய இடங்களை மட்டும் கையால் தேய்த்தால் போதும். அலசுவது இரண்டு தண்ணீர், தேவைப்பட்டால் மூன்று. பிழிந்து வரும் நீர் வழவழப்பில்லாமல், நுரையில்லாமல் வந்தால் அலசல் முடிந்தது என்று பொருள். சோப்புத் தீர்ந்துவிட்டால் ஷாம்பு ஓரிரு நாள் சமாளிக்கும். குளியல் சோப்புக்கட்டியை உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் உபயோகிக்காதீர்கள், தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் துணியில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது இழைமேல் படலமாகப் படிந்து வியர்வையை வெளியே கடத்தும் குணத்தைக் கெடுத்துவிடும்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம், அது பலர் விட்டுவிடுகிற ஒன்று. பிழிந்த துணியை அப்படியே தொங்கவிடக் கூடாது. காய்ந்த குளியல் துண்டைத் தரையிலோ கட்டிலிலோ விரித்து, அதன்மேல் சட்டையைச் சுருக்கமில்லாமல் பரப்பி, ஒரு முனையிலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். சுருளின் மேல் முழங்காலை ஊன்றி முழு எடையையும் கொடுத்து ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அமுக்குங்கள். ஒரு நிமிடம் போதும். பிரித்துப் பார்த்தால் துண்டு கனத்திருக்கும், சட்டை தொட்டால் சில்லென்று இருக்குமே தவிரச் சொட்டாது. மெல்லிய பாலியஸ்டர் இதற்குமேல் மின்விசிறியடியில் இரண்டு மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். பருத்தி டி-ஷர்ட்டும் இதனால் பல மணி நேரம் முன்னதாகக் காயும், ஈரக்காற்று உள்ள ஊரில் அதுவும் போதாது என்றாலும். முறுக்கிப் பிழியக் கூடாத கம்பளிக்கும் எலாஸ்டிக் துணிக்கும் இந்த முறைதான் பத்திரம். குளிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடாதீர்கள், பிறகு துவட்ட ஈரத் துண்டுதான் மிஞ்சும்.

எங்கே தொங்கவிடுவது என்பதில் என் எண்ணம் முழுசாக மாறிவிட்டது. குளியலறைதான் ஈரத்துக்கான இடம் என்று கை தானாக அங்கே போகும். உண்மையில் அறையிலேயே மோசமான இடம் அதுதான். குளித்து முடித்த ஆவி முழுவதும் அங்கே நிற்கிறது, ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்த காற்று துணியிலிருந்து இன்னும் ஈரத்தை எப்படி வாங்கும்? ஏசி உள்ள அறை என்றால் ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்துக் குழாய் வழியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதன் காற்று படுகிற இடத்தில் மாட்டுங்கள். வெறும் மின்விசிறி என்றால் அதன் காற்று நேராகப் படும்படி. வெளியே மழை பெய்துகொண்டிருந்தால் ஜன்னலைத் திறந்துவைப்பதில் லாபமில்லை. பின்னிய ரப்பர் கொடி ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும், பின்னலுக்கு நடுவில் துணியின் நுனியைச் செருகினால் கிளிப்பே வேண்டாம். அலமாரிக் கைப்பிடியிலிருந்து திரைச்சீலைக் கம்பிக்குக் கட்டிக்கொள்ளலாம். சட்டையை ஹேங்கரில் மாட்டும்போது இரண்டு ஹேங்கரைச் சற்று விலக்கி உள்ளே நுழைத்தால் முன்பக்கமும் முதுகும் ஒட்டாமல் நடுவில் காற்று போகும். பாக்கெட்டை வெளியே இழுத்துவிடுங்கள். படுக்கப் போகும்முன் ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டிப்போடுங்கள். விளக்கின் மேலோ ஹீட்டரின் மேலோ துணி போடாதீர்கள், தீப்பிடித்த கதைகள் உண்டு.

காலையில் காய்ந்துவிட்டதா என்பதில் கை ஏமாற்றும். ஏசி அறையில் காய்ந்த துணியும் சில்லென்றுதான் இருக்கும், ஈரத் துணியும் சில்லென்றுதான் இருக்கும். தையலை ஒரு டிஷ்யூ காகிதத்தில் மடித்து அழுத்திப் பாருங்கள், காகிதம் நிறம் மாறினால் ஈரம் இருக்கிறது. கொஞ்சம்தான் ஈரம், துணியும் மெல்லியது என்றால் அதையே போட்டுக்கொண்டு கிளம்புங்கள், உடம்புச் சூட்டில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். தையல் மட்டும் மிச்சம் என்றால் முடி உலர்த்தி சில நிமிடம் போதும். சாக்ஸை அதன் வாயில் மாட்டி ஊதவிடுவது மட்டும் வேண்டாம், காற்று அடைபட்டு உள்ளே சூடேறிவிடும். எதுவும் நடக்கவில்லை, பையில் வைத்தே ஆக வேண்டும் என்றால் காற்றுப் போகும் வலைப்பையில் போட்டுப் பையின் வெளிப்பக்கம் கட்டுங்கள். மழையாக இருந்தால்தான் பிளாஸ்டிக் கவர், அதுவும் போய்ச் சேர்ந்ததும் செருப்பைக் கழற்றும் முன் வெளியே எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் லாண்டரியை முழுதாக விட முடியாது. ஜீன்ஸ், ஸ்வெட்டர், பேண்ட் எல்லாம் பேசினில் நடக்கிற காரியமில்லை. ஆனால் எப்போது, யாரிடம் என்பதில் நான் இப்போது கறார். ஓர் ஊரில் குறைந்தது இரண்டு இரவு தங்கினால் மட்டுமே வெளியே கொடுக்கிறேன், அதுவும் போய்ச் சேர்ந்த அன்றே. 24 மணி நேரத்தில் தருகிறோம் என்றால் அதற்குமேல் இன்னும் அரை நாள் நம் கையில் இருக்க வேண்டும், நடுவில் விடுமுறை நாள் வருகிறதா என்றும் கேட்க வேண்டும். ஒரு துணிக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும் இடத்தை விட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று எடைபோட்டு வாங்கும் கடைக்குப் போகிறேன். பெரும்பாலும் அது தங்குமிடத்திலிருந்து சற்று நடந்தால் கிடைக்கிறது, செலவில் பல மடங்கு வித்தியாசம். குறைந்தபட்ச எடை என்று ஒன்று வைத்திருப்பார்கள், அதனால் கனமான துணிகளைச் சேர்த்து ஒரேயடியாகக் கொடுப்பது லாபம்.

கொடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன். என் துணியைத் தனியாகத் துவைப்பீர்களா, மற்றவர்கள் துணியோடு சேர்த்தா? டிரையரா, கொடியா? எத்தனை மணிக்குத் தயாராகும், எத்தனை மணிக்குக் கடை மூடுவீர்கள்? சேர்த்துத் துவைப்பார்கள் என்றால் வெளிறிய நிறத் துணி எதையும் கொடுப்பதில்லை, யாருடைய சிவப்புச் சாயம் எதில் ஏறும் என்று சொல்ல முடியாது. துணிகளைக் கட்டிலில் பரப்பி ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன். சாக்ஸ் ஒற்றையாகத் திரும்பி வந்தபோது அந்தப் போட்டோவைக் காட்டியதும் பேச்சே இல்லாமல் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார்கள். சீக்கிரம் காயும் செட் ஒன்று எப்போதும் என்னிடமே இருக்கும். லாண்டரி ஒரு நாள் தாமதமானாலும் டிக்கெட்டை இழக்காமல் கிளம்ப முடிவது அதனால்தான், மிச்சத்தைத் திரும்பி வரும் வழியில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம்.

நாமே மெஷினில் போடும் கடை இருந்தால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. நேரம் ஒன்றரை மணி, ஆனால் துணி கண்முன்னே இருக்கும். போடும்முன் டிரம்முக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள், முன்னால் போனவரின் பேனா உடைந்து மை ஒட்டியிருக்கலாம். அந்த மக்கிய வாடையை என் பருத்தித் துணிகளிலிருந்து ஒருவழியாக விரட்டியதும் இப்படியொரு கடையில் 60 டிகிரி சூட்டில் போட்ட பிறகுதான். டிரையரில் சூட்டைத் துணியின் சீட்டைப் பார்த்து வையுங்கள்: சதுரத்துக்குள் வட்டம், அதில் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி என்றால் சாதாரணச் சூடு, குறுக்குக் கோடு போட்டிருந்தால் டிரையரே கூடாது. ஜீன்ஸையும் மெல்லிய சட்டையையும் ஒன்றாகப் போட்டால் சட்டை இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும், ஜீன்ஸுக்காக அது மேலும் அரை மணி நேரம் வீணாக வெந்துகொண்டிருக்கும், அதன் எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துபோகும். நடுவில் நிறுத்திச் சட்டையை எடுத்துவிட்டு ஜீன்ஸை மட்டும் ஓடவிடுங்கள். கடைசி மெஷின் எத்தனை மணிக்குப் போட விடுவார்கள் என்பது கதவில் எழுதியிருக்கும். கடை மூடும் நேரம் வேறு, அது வேறு.

இப்போது என் பையில் இருப்பவை: உடம்பில் ஒரு செட் போக இரண்டு மெல்லிய சட்டை, ஒரு நைலான் பேண்ட், உள்ளாடையும் சாக்ஸும் மும்மூன்று, ரப்பர் வட்டம், ரப்பர் கொடி, 100 மில்லிக்குள் அடங்கும் திரவச் சோப்பு. சோப்பு 100 மில்லியைத் தாண்டினால் பல விமான நிலையங்களில் கைப்பையோடு கொண்டுபோக விடமாட்டார்கள். வெள்ளைச் சோப்புத் தூளைப் பெயர் ஒட்டாத கவரில் கட்டி எடுத்துப்போகாதீர்கள், சோதனையில் அதைப் பிரித்துப் பார்த்து விளக்கம் கேட்க ஆரம்பித்தால் வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களின் பார்வையையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும்.